ஒற்றைச் சீர்ப் புலவர்

எங்கள் கம்பெனிக்கு ஏர் கம்ப்ரசர் சர்வீஸ் செய்துதரும் அண்ணாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாக வெண்டர் பில் பார்க்கிற வேலை எனக்கு. இத்தனை காலத்தில் எத்தனையோ பேருடைய மெயிலைத் திறந்திருக்கிறேன். அண்ணாவின் மெயில் மாதிரி என்னை நிறுத்தி வைத்து யோசிக்க வைத்தது வேறு எதுவும் இல்லை.

முதலில் அவருடைய சொற்சிக்கனம். வள்ளுவருக்கே ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க ஏழு சீர் வேண்டியிருந்தது. அண்ணாவுக்கு ஒரு சீர் போதும். சப்ஜெக்ட் லைனில் “பில்” என்று போடுவார். எந்த பில், யாருடைய பில், எந்த வேலைக்கு, எவ்வளவு ரூபாய் என்றெல்லாம் போட்டு உடைத்து நம் கற்பனையைக் கெடுக்க மாட்டார். எங்கள் பெட்டி மூன்று பேர் பார்க்கும் பொதுப்பெட்டி. மாத முதல் வாரத்தில் நாளைக்கு ஐம்பது அறுபது பில் வந்து விழும். மற்ற மெயில்கள் எல்லாம் வெட்கமில்லாமல் எண்ணையும் தொகையையும் வாசலிலேயே தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும்போது, அண்ணாவின் மெயில் மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும். முக்காட்டை விலக்கிப் பார்ப்பதற்குச் சாவகாசம் வேண்டும் அல்லவா? சாவகாசம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று நான் மரியாதையாக விட்டுவைப்பேன். மற்ற இரண்டு பேருக்கும் அதே மரியாதை உண்டு. மூன்று பேருடைய மரியாதையும் சேர்ந்து சில சமயம் பத்து நாள் ஆகிவிடும்.

பிறகு எப்போதாவது அந்த மெயிலைத் தேட வேண்டி வரும். தேடும் கட்டத்தில் “பில்” என்று அடித்துப் பாருங்கள். பெட்டி திறந்த நாளிலிருந்து வந்த அத்தனை மெயிலும் கும்பாபிஷேகக் கூட்டம் மாதிரி திரண்டு வந்து தரிசனம் தரும். வேறு எந்த வெண்டரால் ஒரே சொல்லில் இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கூட்ட முடியும்?

ஒற்றைச் சொல் அலுத்துப்போனால் அண்ணா பழமைக்குத் திரும்புவார். புது மெயில் எழுதுவதற்குப் பதிலாக, போன தீபாவளிக்கு நாங்கள் எல்லா வெண்டருக்கும் அனுப்பிய வாழ்த்து மெயிலைத் தேடி எடுத்து, அதற்கே பதில் போடுவது மாதிரி பில்லை இணைத்து அனுப்புவார். சப்ஜெக்டில் “தீபாவளி வாழ்த்துகள்” என்பது அப்படியே இருக்கும். நம் மெயில் மென்பொருள் அதைப் பழைய வாழ்த்தோடு ஒரே அடுக்கில் சேர்த்துக் கட்டிவிடும். ஜூன் மாதத்தில் தீபாவளி வாழ்த்து மேலே வந்தால் திறந்து பார்க்க நமக்குத் தோன்றாது, அவ்வளவுதான். ஆனால் உறவை விட்டுக்கொடுக்காத அந்த மனசைப் பாராட்டத்தானே வேண்டும்.

முதல் வாக்கியத்திலும் அவர் தாராளம்தான். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொள்கிறேன். போனில் மெயில் பெட்டியைத் திறந்தால் சப்ஜெக்டில் முப்பது, நாற்பது எழுத்துதான் கண்ணில் படும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், மெயிலின் முதல் வாக்கியம் ஓரிரு வரி எட்டிப் பார்க்கும். திறக்கலாமா, அப்புறம் பார்க்கலாமா என்று நாங்கள் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த இரண்டையும் வைத்துத்தான். அந்த இடத்தில் அண்ணா எழுதுவது: “மரியாதைக்குரிய ஐயா / அம்மா அவர்களுக்கு வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.” நலமாகத்தான் இருக்கிறோம். அதோடு அந்த இரண்டு வரியும் நிரம்பிவிடும். பில் என்ற பேச்சு நாலாவது பத்தியில் வரும். தொகை என்ற பேச்சு மெயிலில் வரவே வராது. அது இணைப்பில் இருக்கும். இணைப்பின் பெயர் ‘ஸ்கேன் 3’. காசைப் பற்றி முகத்துக்கு நேராகப் பேசக் கூடாது என்ற பழைய கொங்கு நாட்டுப் பண்பு இன்னும் ஒருவரிடமாவது மிச்சமிருக்கிறது.

கோபம் வந்தாலும் அண்ணாவுக்கு அழகுதான். “மிக அவசரம்!!! உடனே பணம் அனுப்பவும்!!!” என்று ஒருமுறை சப்ஜெக்ட் போட்டார். ஆச்சரியக்குறி ஆறு. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், எங்கள் வெண்டர் ஒருவருடைய பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து, “அவசரம், பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது” என்று ஒரு திருட்டு மெயில் வந்திருந்தது. மயிரிழையில் தப்பினோம். அன்றிலிருந்து அவசரம் என்று கத்துகிற, எண் எதுவும் சொல்லாத மெயிலைத் தொடாதே, முதலில் வெண்டருக்குப் போன் போட்டு உறுதி செய் என்பது எங்கள் மேனேஜரின் சட்டம். திருடர்கள் எழுதுவது போலவே அச்சு அசலாக எழுத நேர்மையான மனிதருக்கு எவ்வளவு திறமை வேண்டும்! அந்த மெயிலை மூன்று நாள் தனியே ஒதுக்கி வைத்திருந்தோம். அவசரத்துக்கு நாங்கள் கொடுத்த தனி மரியாதை அது.

இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு, மோட்டார் ரீவைண்டிங் செய்துதரும் அம்மணியைப் பற்றி எழுத எனக்கு மனசே இல்லை. ஆனால் உலகத்தில் எப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. அவருடைய மெயிலின் சப்ஜெக்ட் இப்படி இருக்கும்:

```
Invoice MR/0212 | PO 23391 | Rs 37,760 | Due 14-Oct
```

எவ்வளவு வறட்டுத்தனம் பாருங்கள். ஒரு வணக்கம் இல்லை, ஒரு வாழ்த்து இல்லை. திரையில் பாதி வெட்டுப்பட்டாலும் பில் எண்ணும் பி.ஓ. எண்ணும் தப்பிப் பிழைக்கும்படி முன்னால் வைத்து, தொகையையும் கடைசித் தேதியையும் பின்னால் தள்ளியிருக்கிறார். எங்கள் சாஃப்ட்வேரில் பில்லைப் பதிய உட்கார்ந்தால் அது முதலில் கேட்பது பர்ச்சேஸ் ஆர்டர் எண். அதைத்தான் நாங்கள் பி.ஓ. என்கிறோம். அடுத்தது வெண்டரின் பில் எண். அதை யாரிடம் கேட்டு அம்மணி தெரிந்துகொண்டார் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. இணைப்பைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பி.ஓ.வை நான் திரைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். ஒரு மனிதனைத் தேட விடாமல் செய்வதும் ஒரு வகைக் கொடுமை.

பில் எண்ணிலும் பிடிவாதக்காரி. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டில் திரும்ப வரக் கூடாது. சாய்கோடும் சிறுகோடும் போட்டுக்கொள்ளலாம். அம்மணி பில்லில் என்ன அச்சிட்டிருக்கிறாரோ அதையே சப்ஜெக்டிலும் எழுதுவார். ஜி.எஸ்.டி. கணக்கில் ஏற்றும்போதும் அதையேதான் ஏற்றுவார். ஃபைல் பெயரில் சாய்கோடு ஏறாது என்பதால் அங்கே மட்டும் சிறுகோடாக மாறும். மாதம் 14-ஆம் தேதி எங்களுக்கு வந்த பில்களின் பட்டியல் ஜி.எஸ்.டி. தளத்தில் வரும்போது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அண்ணா விஷயத்தில் இந்தச் சலிப்பு இல்லை. பில்லில் ஓர் எண், மெயிலில் அதன் கடைசி மூன்று இலக்கம், தளத்தில் நடுவில் ஒரு சுழியம் விட்டுப்போன வேறொரு எண் என்று மூன்று அவதாரம் எடுப்பார். பொருத்தம் பார்க்க ஜோசியரைத்தான் கூப்பிட வேண்டும்.

தொகையை எதற்கு வெளியே போட வேண்டும் என்று அம்மணியிடம் ஒருதரம் குறையாகவே கேட்டேன். “உங்க கம்பெனியில ஐம்பதாயிரத்துக்கு மேல போனா டைரக்டர் கையெழுத்துங்களே. அவரு வர்ற நாளு உங்களுக்குத்தானே தெரியும். முன்னாடியே பார்த்து எடுத்து வெச்சுக்குவீங்கன்னுதானுங்க” என்றார். எங்கள் வீட்டுக் கதை எல்லாம் இவருக்கு எப்படித் தெரிகிறது? டைரக்டர் செவ்வாயும் வியாழனும்தான் வருவார். தொகை தெரிந்தால் அதற்கு முந்தின நாளே அந்தக் கட்டில் சேர்த்துவிடுவேன் என்பது உண்மைதான். அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

அவருடைய முதல் வாக்கியம் இன்னும் மோசம். “ஆகஸ்ட் 30 அன்று இரண்டாம் யூனிட்டுக்குத் திருப்பித் தந்த 15 எச்.பி. மோட்டார் ரீவைண்டிங்குக்கான பில் இது, உங்கள் ஸ்டோர்ஸ் கையெழுத்திட்ட டெலிவரி சலான் பில்லின் இரண்டாம் பக்கத்தில் உள்ளது.” ஒரே வாக்கியம். எந்த வேலை, எந்த யூனிட், என்றைக்கு, சாட்சி எங்கே. பில் பதிகிறவர் பொருள் வந்ததா என்று ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டு, அவர்கள் இல்லை என்று சொல்ல, இவர் ஆம் என்று சொல்ல, இடையில் ஒரு டீ குடித்து நடத்துகிற அந்த இனிய உரையாடலை இந்த ஒரு வாக்கியம் முளையிலேயே கிள்ளிவிடுகிறது. வணக்கமும் நலம் விசாரிப்பும் அம்மணியின் மெயிலிலும் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் கடைசியில் வரும். நலம் விசாரிப்பதற்குள் நான் பில்லைப் பதிந்து முடித்திருப்பேன்.

இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சிரித்த முக மிரட்டல். தன் கடை உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம் என்று சொல்லி அந்த எண்ணைப் போட்டிருப்பார். அவ்வளவுதான், வேறு ஒரு சொல் கிடையாது. சேவை தருகிற அல்லது பொருள் தயாரிக்கிற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூடப் பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாண்டிப் போனால் அந்தச் செலவை, பணத்தை நிஜமாகக் கொடுத்த வருஷத்துக் கணக்கில்தான் கழிக்கலாம் என்று 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு முடிச்சுப் போட்டார்கள். மார்ச் மாதத்தில் எங்கள் ஆடிட்டர் இந்த ஒரு விஷயத்துக்காகவே என் மேஜைக்கு வருவார். அம்மணி சப்ஜெக்டில் போடும் அந்தக் கடைசித் தேதி ஆடிட்டரின் முகம் மாதிரியே இருக்கும். “அவசரம்” என்ற சொல்லையே எழுதாமல் அவசரப்படுத்துகிற ஆள் எவ்வளவு ஆபத்தானவர் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் தபால் செலவு இல்லாத தைரியம் வேறு. மூன்று பில் இருந்தால் மூன்று மெயில் போடுவார். ஒன்றில் ஏதாவது தகராறு என்றால் அது மட்டும் நிற்கும், மற்ற இரண்டும் போய்விடும். அண்ணா மூன்றையும் ஒரே மெயிலில் கட்டி அனுப்புவார். ஒன்று நின்றால் மூன்றும் நிற்கும். கூட்டுக் குடும்பத்தின் அருமை தெரிந்தவர்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அம்மணிக்கும் ஒருமுறை சறுக்கியது. அந்தப் பி.ஓ.வில் இருந்த தொகை முந்தின பில்லோடு தீர்ந்துபோயிருந்தது. அப்படித் தீர்ந்துபோனால் எவ்வளவு கூர்மையான சப்ஜெக்ட் எழுதினாலும் சாஃப்ட்வேர் அசையாது, பர்ச்சேஸ்காரர்கள் பி.ஓ.வைத் திருத்தித் தந்தால்தான் உண்டு. ஆனால் அந்த எண் சப்ஜெக்டிலேயே இருந்ததால் அன்றைக்கே கண்டுபிடித்து அன்றைக்கே பர்ச்சேஸுக்குத் தள்ளிவிட்டேன். மாதக் கடைசியில் கண்டுபிடித்துப் பதறுகிற பரபரப்பு போயே போய்விட்டது.

போன செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை. இரண்டு பேருடைய மெயிலும் காலை பதினோரு மணி வாக்கில் வந்தன. இரண்டுமே ஆகஸ்ட் 30 தேதியிட்ட பில். அம்மணியுடையது ரீவைண்டிங் கூலி 32,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,760. பி.ஓ.வைத் திறந்தேன், சலானைப் பார்த்தேன், தொகையைச் சரிபார்த்தேன், பதிந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் நாலு நிமிஷம். மீதி நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாங்கள் 10-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் பணம் போடுவோம். அவருடைய கெடு அக்டோபர் 14 என்பதால் அக்டோபர் 10 பட்டியலில் தானாக ஏறி, போய்விட்டது. யாரும் யாருடனும் பேசவில்லை. இப்படி ஒரு உறவா?

அண்ணாவின் பில் கம்ப்ரசர் சர்வீஸுக்கும் உதிரிபாகத்துக்கும் சேர்த்து 48,500, ஜி.எஸ்.டி. 8,730, ஆக 57,230. மெயில் முக்காடு போட்டுக்கொண்டு எட்டு நாள் நின்றது. 9-ஆம் தேதி அண்ணாவே போன் செய்து, “பில் அனுப்புனனே, பாத்தீங்களா?” என்று கேட்ட பிறகுதான் தேடி எடுத்தோம். ஸ்கேன் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கழுத்தைச் சாய்த்துப் படித்தோம். பி.ஓ. எண் இல்லை. கேட்டு மெயில் போட்டேன். அண்ணா ஒரு வாரம் கழித்துப் பதில் போட்டார். பதிலாகப் போடவில்லை, புது மெயிலாகப் போட்டார். சப்ஜெக்ட் “பதில்”. உள்ளே பி.ஓ. எண் இருந்தது, எந்தப் பில்லுக்கு என்பது இல்லை. என் எதிர் சீட்டுப் பெண் அதை வேறு யாருடைய பதிலோ என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பிறகு சர்வீஸ் ரிப்போர்ட்டைத் தேடினோம். மெயின்டனன்ஸ் மேனேஜர் கையெழுத்திட்ட தாள் அது. அண்ணா அதைப் படம் எடுத்து மேனேஜரின் வாட்ஸ்அப்பிற்கே அனுப்பியிருந்தார். அவர் அக்டோபர் முதல் வாரம் பூஜை விடுமுறை முடிந்து வந்துதான் அதைத் தேடினார். ஐம்பதாயிரத்துக்கு மேல் என்று பதியும்போதுதான் தெரிந்ததால், டைரக்டர் கையெழுத்து இன்னொரு வியாழனுக்குத் தள்ளிப்போனது. இப்படியாக ஆறு போன், நாலு மெயில், மூன்று இலாகா என்று எல்லோரையும் ஒன்றாகக் கோத்த அந்தப் பில் அக்டோபர் 17-ஆம் தேதி பதிவாகி, 25-ஆம் தேதி பட்டியலில் ஏறியது. நடுவில் தீபாவளி வந்து போய்விட்டது.

அண்ணா தீபாவளிக்கு முன்னால் நேரில் வந்தார். கையில் ஒரு கிலோ மைசூர்பா. முகத்தில் வருத்தம்.

“அந்த மோட்டார்க்காரம்மாவுக்கு மட்டும் பத்தாம் தேதியே போட்டுட்டீங்களாமா. உள்ள யாரையாச்சும் தெரியுங்களா அவங்களுக்கு?” என்றார்.

“தெரியுங்ண்ணா. எங்க சாஃப்ட்வேரை நல்லாத் தெரியும்” என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய கலைஞரை நம் வறட்டு வழிக்கு இழுக்கிறோமே என்ற உறுத்தலோடு, மேஜையிலிருந்த காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம், அவருடைய பில்லை வைத்தே எழுதிக் கொடுத்தேன்:

```
Invoice KS/0117 | PO 23418 | Rs 57,230 | Due 14-Oct
```

அதன் கீழே, முதல் வாக்கியத்தில் எந்த மெஷின், எந்த யூனிட், என்றைக்குச் சர்வீஸ் செய்தது, கையெழுத்து வாங்கிய ரிப்போர்ட் எந்தப் பக்கத்தில் என்று போடுங்கள், வணக்கத்தைக் கீழே வையுங்கள், பி.ஓ. இல்லாத சின்ன வேலையென்றால் அதைச் செய்யச் சொன்னவர் பெயரை அந்த இடத்தில் போடுங்கள் என்றும் எழுதினேன். அண்ணா தாளை இரண்டு முறை படித்தார். “இம்புட்டுத்தானுங்களா?” என்று கேட்டார். நாலாக மடித்துச் சட்டைப்பையில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 3-ஆம் தேதி அவருடைய மெயில் வந்தது. பெட்டியின் உச்சியில், எண்ணும் தொகையும் தேதியுமாகப் பளிச்சென்று நின்றது. எதிர் சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் எழுதிக் கொடுத்த வரியில் ஓர் எழுத்து, ஒரு கோடு, ஓர் இடைவெளி பிசகவில்லை. KS/0117, 57,230 ரூபாய், கெடு அக்டோபர் 14. இணைப்பைத் திறந்தால் உள்ளே KS/0131, அக்டோபர் மாதச் சர்வீஸ், 21,240 ரூபாய். அதற்குள் அந்தப் பெண் சப்ஜெக்டைப் பார்த்தே எண்ணை அடித்துவிட்டிருந்தாள். இந்தப் பில் ஏற்கெனவே பதிவாகிப் பணமும் போய்விட்டது என்று சாஃப்ட்வேர் சிவப்பில் சொல்லிக்கொண்டிருந்தது.